வால் சர்ஃபேஸ் ஃபைலை மாடலுக்குக் கொடுக்கும் முன்

கேள்வி: "வெண்டர் தினமும் மாலையில் நிஃப்டி ஆப்ஷனுக்கு ஸ்ட்ரைக், எக்ஸ்பைரி வாரியாக ஐவி அட்டவணை அனுப்புகிறார். லோக்கல் வால் மாடலுக்கு அதைக் கொடுக்கும் முன் கேலண்டர், பட்டர்ஃபிளை ஆர்பிட்ராஜ் இல்லை என்று எப்படி உறுதி செய்வது? தூரத்து எக்ஸ்பைரியில் ஐவி குறைந்தாலே அது ஆர்பிட்ராஜா? படம் போட்டுப் பார்த்தால் வழவழப்பாகத்தான் இருக்கிறது."

ஐவி குறைவதால் மட்டும் ஆர்பிட்ராஜ் வந்துவிடாது. படம் வழவழப்பாக இருப்பதால் மட்டும் ஆர்பிட்ராஜ் இல்லை என்றும் ஆகிவிடாது. பதினோரு வருடமாக டெரிவேட்டிவ் மாடல்களைச் சரிபார்க்கும் வேலையில் இருக்கிறேன். கண்ணுக்கு அழகாக இருந்த சர்ஃபேஸ்கள்தான் என்னை அதிகம் ஏமாற்றியிருக்கின்றன. ஏன் என்பதைக் கீழே எண்ணோடு காட்டுகிறேன்.

லோக்கல் வால் என்று நீங்கள் சொன்னதால் அங்கிருந்தே தொடங்குவது வசதி. ஐவியை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் w = σ²T என்று மாற்றிக்கொள்ளுங்கள். இதை மொத்த வேரியன்ஸ் என்போம். ஸ்ட்ரைக்கையும் அப்படியே வைக்காமல் k = ln(K/F) என்று மாற்றுங்கள். F என்பது அந்தந்த எக்ஸ்பைரியின் ஃபார்வர்டு. இந்த இரண்டு மாற்றமும் செய்தபின் டுபியரின் சூத்திரம் இப்படி ஆகிவிடும்: லோக்கல் வேரியன்ஸ் = (∂w/∂T) / g(k). மேலே இருப்பது நெகட்டிவ் ஆனால் கேலண்டர் ஆர்பிட்ராஜ். கீழே இருக்கும் g நெகட்டிவ் ஆனால் பட்டர்ஃபிளை ஆர்பிட்ராஜ். நீங்கள் கேட்ட இரண்டு சோதனைகளும் உங்கள் மாடல் போடப்போகும் வகுத்தலின் தொகுதியும் பகுதியும்தான். ஒன்று மட்டும் தவறினால் நெகட்டிவ் வேரியன்ஸ் வந்து மாடல் கத்தும். இரண்டும் ஒரே இடத்தில் தவறினால் நெகட்டிவை நெகட்டிவால் வகுத்துப் பாசிட்டிவ் விடை வந்துவிடும், மாடல் வாயே திறக்காது. அதனால் இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். லோக்கல் வால் நல்ல எண்ணாக வந்துவிட்டதே என்று விட்டுவிடக் கூடாது.

சோதனைக்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. பலரும் இதைத் தாண்டிப் போய்விட்டுப் பிறகு இல்லாத ஆர்பிட்ராஜைத் துரத்துவார்கள். வெண்டர் ஐவியை எந்த F, எந்த T வைத்துக் கணக்கிட்டார் என்று கேட்டு வாங்குங்கள். என்எஸ்இ ஆப்ஷன் செயின் பக்கத்தில் ஐவி கணக்குக்கு 10% வட்டி எடுத்துக்கொள்வதாக ஒரு குறிப்பு பல ஆண்டுகள் இருந்தது. அதையே உதாரணமாக வைத்துக்கொள்வோம். நிஃப்டி 24,000, எக்ஸ்பைரிக்கு 30 நாள், சந்தை உண்மையில் 6.5% கேரியில் ஓடுகிறது. 10% வைத்தால் ஃபார்வர்டு ஏறக்குறைய 70 புள்ளி கூடுதலாக வரும். அட்-த-மணி ஆப்ஷனுக்கு டெல்டா அரை என்றால் விலையில் 35 புள்ளி தவறு. ஒரு வால் புள்ளிக்கு வேகா சுமார் 27.5 என்பதால் கால் ஐவி 1.25 குறைவாகவும், அதே ஸ்ட்ரைக்கின் புட் ஐவி 1.25 கூடுதலாகவும் தெரியும். ஒரே ஸ்ட்ரைக்கில் இரண்டரைப் புள்ளி வித்தியாசம். வழக்கமாகச் செய்வதுபோல ஃபார்வர்டுக்குக் கீழே புட்டையும் மேலே காலையும் எடுத்து ஒட்டினால், ஒட்டிய இடத்தில் ஒரு படி விழும். பட்டர்ஃபிளை சோதனை அங்கே அலறும். ஆர்பிட்ராஜ் சந்தையில் இல்லை, ஒட்டுப்போட்டதில்தான் இருக்கிறது.

கண்டுபிடிப்பதும் சுலபம். மீறல்கள் எல்லாம் புட் முடிந்து கால் தொடங்கும் இடத்திலேயே கூடினால் ஃபார்வர்டு தவறு. நான் வெண்டரின் ஃபார்வர்டை நம்புவதில்லை. அட்-த-மணிக்கு அருகே நாலைந்து ஸ்ட்ரைக்கில் புட்-கால் பாரிட்டியிலிருந்து F = K + (C − P)/DF என்று எடுத்து, வரும் எண்களின் நடு எண்ணை வைத்துக்கொள்கிறேன். நிஃப்டியில் டிவிடெண்ட் வருடத்தின் நடு மாதங்களில் குவிவதால், வட்டியை மட்டும் வைத்துப் போடும் ஃபார்வர்டு அந்த மாதங்களைத் தாண்டும் எக்ஸ்பைரிகளுக்கு மேலே தள்ளும். பாரிட்டியில் எடுத்தால் அதுவும் தானாகச் சேர்ந்துவிடும்.

T-யிலும் இதே கதை. வெள்ளி மாலையில் நின்றுகொண்டு செவ்வாய் எக்ஸ்பைரியைப் பார்க்கிறீர்கள். காலண்டர் கணக்கில் 4/365, டிரேடிங் நாள் கணக்கில் 2/252. முதலாவது இரண்டாவதைவிட 38% பெரியது. வெண்டர் ஒரு கணக்கில் ஐவி எடுத்திருக்க, நீங்கள் இன்னொரு கணக்கில் w போட்டால் கேலண்டர் சோதனையின் விடையே மாறிவிடும். வழி தெரியாவிட்டால் ஐவியை விட்டுவிட்டு விலையைக் கேளுங்கள். விலைக்கு இந்தக் குழப்பம் இல்லை.

இனி கேலண்டர். ஒரே k-இல் T கூடக்கூட w குறையக் கூடாது. அவ்வளவுதான் விதி. ஐவி குறையலாம், ஆனால் σ₂ ≥ σ₁√(T₁/T₂) என்ற அளவுக்குக் கீழே போகக் கூடாது. 30 நாளில் 18% என்றால் 58 நாளில் 12.95% வரை இறங்கலாம், அதற்கும் கீழே போனால்தான் மீறல். ஒரே ஸ்ட்ரைக் அல்ல, ஒரே k என்பதைக் கவனியுங்கள். 30 நாள் ஃபார்வர்டு 24,130, 58 நாள் ஃபார்வர்டு 24,250 என்றால் k = −0.10 என்பது முதலாவதில் 21,834, இரண்டாவதில் 21,942. இந்த 108 புள்ளி பெரிய விஷயமாகத் தெரியாது. ஆனால் ஒரு வருட எக்ஸ்பைரியில் இந்த வித்தியாசம் ஆயிரத்தைத் தாண்டும். ஸ்க்யூ செங்குத்தாக இருக்கும் புட் பக்கத்தில் ஒரே ஸ்ட்ரைக்கை ஒப்பிட்டால் சரியான இடத்தில் தவறு என்றும், தவறான இடத்தில் சரி என்றும் விடை வரும்.

அட்டவணையில் உள்ள எக்ஸ்பைரிகளில் மட்டும் இதைப் பார்த்துவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். நான் சூடுபட்டது இங்கேதான். 2024 மக்களவைத் தேர்தல் முடிவு ஜூன் 4 அன்று வந்தது, நிஃப்டி அன்று ஒரே நாளில் ஏறக்குறைய 6% விழுந்தது. அதற்கு முந்தைய வாரத்தைப் போன்ற ஒரு நிலையை எடுத்துக்கொள்வோம். மே 30 அன்று நிற்கிறோம். ஜூன் 6 எக்ஸ்பைரிக்கு 7 நாள், ஜூலை 4 எக்ஸ்பைரிக்கு 35 நாள். முடிவு நாள் உள்ளே இருப்பதால் முதலாவதில் ஐவி 30%, இரண்டாவதில் 16% என்று வைப்போம். எண்கள் கணக்குக்காக நான் போட்டவை, வடிவம் மட்டும் நிகழ்வுக்கு முந்தைய வாரங்களில் வழக்கமாக வருவது. வருடக் கணக்கை விட்டு நாள் கணக்கிலேயே பெருக்கினால் 0.09 × 7 = 0.63, 0.0256 × 35 = 0.896. கூடியிருக்கிறது, இரண்டு புள்ளிகளிலும் பழுது இல்லை, சோதனை பாஸ்.

மாடலுக்கு இடையில் 21-ஆம் நாளும் 28-ஆம் நாளும் வேண்டும். ஐவியை நேர்கோட்டில் இழுத்தால் 21-ஆம் நாளில் 23%, 28-ஆம் நாளில் 19.5%. இப்போது மொத்த வேரியன்ஸ் போடுங்கள். 21-இல் 1.11, 28-இல் 1.06, 35-இல் 0.90. சுமார் 22-ஆம் நாளில் உச்சம் தொட்டு அதன் பிறகு இறங்குகிறது. கடைசி 13 நாள் முழுக்க நெகட்டிவ் வேரியன்ஸ். வெண்டரின் எண்களில் பழுது இல்லை, நம் நேர்கோடு அதைக் கெடுத்துவிட்டது. அதே இரண்டு புள்ளிகளுக்கு இடையே w-வை நேர்கோட்டில் இழுத்திருந்தால் 21-ஆம் நாளில் 0.763, அதாவது ஐவி 19.1%. நாலு வால் புள்ளி வித்தியாசம்.

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் சரியாக இதுதான் நடந்தது. அதைவிட மோசம், லோக்கல் வேரியன்ஸ் நெகட்டிவ் ஆனால் ஒரு சின்ன பாசிட்டிவ் எண்ணை வைத்துவிடு என்று யாரோ எப்போதோ ஒரு வரி எழுதி வைத்திருந்தார். அதனால் எந்த எச்சரிக்கையும் வரவில்லை. ஒரு பேரியர் ஆப்ஷனின் விலை வாரக்கணக்கில் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது, ஹெட்ஜ் கணக்கு ஒத்துப்போகாததால்தான் தோண்டினோம். அன்றிலிருந்து இரண்டு பழக்கம் வைத்திருக்கிறேன். மாடல் எந்த இன்டர்பொலேஷனைப் பயன்படுத்துமோ அதே இன்டர்பொலேஷனில், ஒவ்வொரு நாளும் ஒரு வரிசையாக நெருக்கமான வலை போட்டுத்தான் கேலண்டர் பார்ப்பேன். வேரியன்ஸுக்கு அடியில் தாங்குகட்டை வைத்தால், அது எத்தனை தடவை தாங்கியது என்ற எண்ணிக்கையும் லாகில் வர வேண்டும்.

பட்டர்ஃபிளைக்கு வருவோம். ஒரே எக்ஸ்பைரியில் ஆப்ஷன் விலை ஸ்ட்ரைக்கைப் பொறுத்துக் கிண்ணம்போல் வளைந்து இருக்க வேண்டும். சம தூரத்தில் மூன்று ஸ்ட்ரைக் எடுத்து, ஓரங்கள் இரண்டையும் வாங்கி நடுவில் இரண்டு விற்றால் செலவு நெகட்டிவ் ஆகக் கூடாது. எக்ஸ்பைரியில் அந்தக் கட்டு ஒருபோதும் நஷ்டம் தராது, ஆகவே அதைக் கையில் பணமும் கொடுத்து யாரும் தரக் கூடாது. தூரம் சமமில்லை என்றால் சரிவுகளை ஒப்பிடுங்கள். தூர எக்ஸ்பைரிகளில் ஸ்ட்ரைக் இடைவெளி மாறும் இடத்தில் 1, −2, 1 என்று கண்ணை மூடிப் போட்டுப் பொய் மீறல் கண்டவர்கள் உண்டு.

ஒரு கணக்கு போடுவோம். 30 நாள், ஃபார்வர்டு 24,130. புட் பக்கம் 21,900 ஸ்ட்ரைக்கில் ஐவி 18.4%, 22,000-இல் 18.2%, 22,100-இல் 18.0%. ஐவியில் துல்லியமான நேர்கோடு. டிஸ்கவுன்ட் செய்யாத பிளாக் விலைகள் முறையே 15.71, 18.45, 21.63. பட்டர்ஃபிளை: 15.71 + 21.63 − 36.90 = 0.44. பாசிட்டிவ், சரி. ஆனால் எவ்வளவு சின்ன எண் என்று பாருங்கள். 100 புள்ளி அகலத்துக்கு அரைப் புள்ளிகூட இல்லை.

இப்போது நடு ஸ்ட்ரைக்கின் ஐவியை மட்டும் 18.2-இலிருந்து 18.3 ஆக்குங்கள். அங்கே வேகா 5.5 என்பதால் விலை 19.00 ஆகும். பட்டர்ஃபிளை −0.66. ஒரு வால் புள்ளியில் பத்தில் ஒரு பங்கு நகர்ந்ததற்கே ஆர்பிட்ராஜ். எல்லைக்கோடு எங்கே என்று கணக்கிட்டால் 0.44 ÷ 11 = 0.04. நாலு பேசிஸ் பாயிண்ட் வால் தூக்கினாலே மீறல்! 10 முதல் 40 வரை அச்சு போட்ட ஐவி படத்தில் இதை எந்தக் கண்ணும் பார்க்காது. உங்கள் "வழவழப்பாக இருக்கிறது" என்ற நம்பிக்கை இங்கேதான் உடைகிறது. இடைவெளி 50 ஆனால் பட்டர்ஃபிளையின் மதிப்பு நாலில் ஒன்றாகி 0.11-க்கு வந்துவிடும், தாங்கும் அளவு இன்னும் சுருங்கும். வெண்டர் ஐவியை ஒரு தசமத்துக்கு ரவுண்டு செய்து அனுப்புகிறார் என்றால் ரவுண்டிங் மட்டுமே ±0.05 தவறு. அந்த ஃபைலில் புட் பக்கம் முழுக்க மீறல் மழையாகக் கொட்டும். ஒன்றுகூட உண்மையாக இருக்காது.

ஆகவே எத்தனை மீறல் என்று எண்ணுவதில் பயன் குறைவு. மீறலை விலைக்கு மாற்றி, பிட்-ஆஸ்க்குடன் ஒப்பிட வேண்டும். மேலே உள்ள மூன்று ஸ்ட்ரைக்குகளின் கோட் இப்படி இருக்கிறது என்று வைப்போம்: 21,900-க்கு 15.60 / 15.80, 22,000-க்கு 18.75 / 19.25, 22,100-க்கு 21.45 / 21.80. நடுவிலையை எடுத்தால் 15.70, 19.00, 21.625. பட்டர்ஃபிளை சுமார் −0.68, மீறல். உண்மையாகச் செய்து பார்த்தால்? ஓரங்களை ஆஸ்க்கில் வாங்க 37.60 ஆகும். நடுவை பிட்டில் இரண்டு விற்றால் 37.50 வரும். கையிலிருந்து 0.10 போகிறது. சந்தையில் ஆர்பிட்ராஜ் இல்லை, நடுவிலை என்ற நம் கற்பனையில்தான் இருக்கிறது. அந்தப் பட்டைகளுக்குள்ளேயே ஒழுங்கான விலைகள் இருக்கின்றன என்பதும் இதிலேயே தெரிகிறது. 15.80, 18.75, 21.80 என்று எடுத்தால் கிண்ணம் சரியாகிவிடும்.

கேலண்டருக்கும் இதே அளவுகோல்தான். கிட்ட எக்ஸ்பைரியின் பிட் ஐவியில் w போடுங்கள், தூர எக்ஸ்பைரியின் ஆஸ்க் ஐவியில் w போடுங்கள். தூரத்து ஆஸ்க்கே கிட்டத்து பிட்டைவிடக் கீழே இருந்தால்தான் அது உண்மையான மீறல். அப்படி ஒன்று வந்தால் லாபம் என்று துள்ள வேண்டாம். பெரும்பாலும் இரண்டு எண்களும் ஒரே நேரத்தில் எடுக்கப்பட்டவை அல்ல. தூரத்து புட் கடைசியாகக் காலை பத்து மணிக்கு டிரேட் ஆகியிருக்கும், இன்டெக்ஸ் அதற்குப் பிறகு நூறு புள்ளி நகர்ந்திருக்கும். கடைசி டிரேட் விலையில் ஐவி எடுக்கும் ஃபைல்களில் இது தினசரிக் காட்சி. வெண்டரிடம் பிட், ஆஸ்க், நேரம் மூன்றும் கேளுங்கள். தரமாட்டேன் என்றால் அந்த ஃபைலில் பொய் மீறலையும் மெய் மீறலையும் பிரிக்க வழியில்லை.

இதுவரை பார்த்தது புள்ளிகளில். மாடலுக்குப் போவது புள்ளிகளின் வழியே இழுத்த வளைவு. அதற்கு g வேண்டும்:

g(k) = (1 − k·w′/(2w))² − (w′²/4)·(1/w + 1/4) + w″/2

w′, w″ இரண்டும் k-ஐப் பொறுத்த டெரிவேட்டிவ்கள். g எங்கும் நெகட்டிவ் ஆகக் கூடாது. g-இன் குறிதான் ரிஸ்க்-நியூட்ரல் டென்சிட்டியின் குறி, ஆகவே g நெகட்டிவ் என்றால் இன்டெக்ஸ் அந்த இடத்தில் முடிவதற்கு நெகட்டிவ் நிகழ்தகவு என்று பொருள். நான் வைத்திருக்கும் சோதனை இவ்வளவுதான்:

```python
import numpy as np

def g(k, w):
    w1 = np.gradient(w, k)
    w2 = np.gradient(w1, k)
    return (1 - k*w1/(2*w))**2 - w1**2/4*(1/w + 0.25) + w2/2

# W: rows = expiry, columns = k
worst_fly = min(g(k, row).min() for row in W)
worst_cal = np.diff(W, axis=0).min()
```

இரண்டு முறை எண்வழியில் டெரிவேட்டிவ் எடுப்பதால் வரிசையின் இரு ஓரங்களிலும் கடைசி இரண்டு புள்ளிகளை நம்பாதீர்கள், வெட்டிவிட்டுப் பாருங்கள். உங்கள் வளைவு எஸ்விஐ போல சூத்திரம் உள்ளது என்றால் டெரிவேட்டிவையும் சூத்திரத்திலேயே எடுங்கள். கியூபிக் ஸ்ப்ளைன் என்றால் w″ முடிச்சுகளில் மடங்கி மடங்கிப் போகும், g-யும் ரம்பம்போல் வரும். அது ஸ்ப்ளைனின் குணம். ஐவிமேல் நேர்கோடுகளாக இழுத்தால் இன்னும் மோசம். ஒவ்வொரு முனையிலும் சரிவு உடைவதால், உடைவு மேல்நோக்கிக் கூரையாக இருக்கும் இடங்களில் டென்சிட்டி ஒரே புள்ளியில் கீழே பாய்ந்துவிடும்.

எஸ்விஐ போட்டுவிட்டால் கவலை இல்லை என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. w(k) = a + b(ρ(k − m) + √((k − m)² + σ²)) என்ற இந்த வளைவில் வரும் σ ஐவி அல்ல, வளைவின் ஓர் அளவுரு. வளைவு அழகானதுதான். ஆனால் ஆக்சல் வோக்ட் காட்டிய ஓர் உதாரணம் இந்தத் துறையில் பிரபலம்: a = −0.0410, b = 0.1331, m = 0.3586, ρ = 0.3060, σ = 0.4153, T = 1. படம் போட்டால் பாடப்புத்தக ஸ்மைல். ஓரத்துச் சரிவு b(1 + ρ) = 0.174. ரோஜர் லீ 2004-இல் காட்டிய உச்சவரம்பு 2, அதற்குப் பக்கத்தில்கூட இல்லை. ஓரம் மட்டும் பார்ப்பவர் பாஸ் போட்டுவிடுவார். k = 0.8-இல் கையால் போட்டுப் பார்ப்போம். w = 0.0576, அதாவது ஐவி 24%, சாதாரண எண். w′ = 0.1377, w″ = 0.1031. முதல் பகுதி 0.002, கழிக்க வேண்டியது 0.0834, கூட்ட வேண்டியது 0.0516. g = −0.03. வளைவின் நடுப்பகுதிக்கும் ஓரத்துக்கும் இடையே, யாரும் பார்க்காத தோள்பட்டையில் ஓட்டை. ஓரச் சரிவு 2-க்குள் இருப்பது தேவையான நிபந்தனை மட்டும், போதுமானது அல்ல.

நடைமுறையில் நான் போகும் வரிசையைச் சொல்கிறேன். பாரிட்டியில் ஃபார்வர்டு. பிறகு விலையில் மூன்று ஸ்ட்ரைக் சோதனையும் அடுத்தடுத்த இரண்டு ஸ்ட்ரைக் சோதனையும், பிட்-ஆஸ்க்கில். இரண்டு ஸ்ட்ரைக் சோதனை என்றால் புட் விலை ஸ்ட்ரைக்கோடு ஏற வேண்டும், ஏற்றம் ஸ்ட்ரைக் வித்தியாசத்தின் டிஸ்கவுன்ட் மதிப்பைத் தாண்டக் கூடாது, அவ்வளவே. இங்கே தவறும் விலையைத் திருத்தப் போக மாட்டேன், தூக்கிவிடுவேன். பிட்-ஆஸ்க்கைத் தாண்டிய மீறல் என்றால் அந்த மூன்றில் ஒன்று பழசு. எது என்று நேரமுத்திரையைப் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். மிச்சத்தின் மேல் வளைவைப் பொருத்துவேன், நடுவிலையைத் தொட வேண்டும் என்று அடம்பிடிக்காமல் பட்டைக்குள் போனால் போதும் என்ற நிபந்தனையோடு. பொருத்தும்போதே g நெகட்டிவ் ஆனால் அபராதம், முந்தைய எக்ஸ்பைரியின் w-க்குக் கீழே போனால் அபராதம். கிட்ட எக்ஸ்பைரியிலிருந்து தூரத்துக்குப் போக வேண்டும். கடைசியில் மாடலின் இன்டர்பொலேஷனோடு நெருக்கமான வலையில் மேலே உள்ள பைதான் சோதனை. அங்கே மீறல் வந்தால் தவறு வெண்டருடையது அல்ல, என்னுடையது. யாரைக் கேட்பது என்பது இப்படிப் பிரித்தால்தான் தெரியும்.

ஒரு புள்ளியில் g நெகட்டிவ் என்று அந்தப் புள்ளியின் ஐவியை மட்டும் கையால் இறக்குவது வேண்டாம். 0.04 வால் புள்ளி விளையாட்டு என்று மேலே பார்த்தோம். ஒன்றைத் தட்டினால் பக்கத்து இரண்டு பட்டர்ஃபிளைகளும் நகரும், எக்ஸ்பைரி தாண்டி கேலண்டரும் நகரும். அப்படித் தட்டித் தட்டி ஒரு மதியம் முழுக்கக் கழித்த ஜூனியர் ஒருவரை எனக்குத் தெரியும், அது நான்தான்.

டாலரன்ஸ் எவ்வளவு என்று அடுத்து கேட்பீர்கள். இங்கே நான் உறுதியாகச் சொல்லக்கூடியது குறைவு. g-க்குப் பூஜ்யம்தான் கோடு, ஆனால் கணினித் துல்லியத்துக்காக −1e-6 போல ஒரு சின்ன இடம் விடலாம். கேலண்டருக்குப் பூஜ்யமே வைக்காமல் ஒரு நாளைக்குக் குறைந்தபட்சம் இவ்வளவு வேரியன்ஸ் கூட வேண்டும் என்று ஒரு தரை வைப்பேன். சரியாகப் பூஜ்யம் என்றால் அந்த நாட்களில் இன்டெக்ஸ் அசையவே அசையாது என்று பொருள், ஆர்பிட்ராஜ் இல்லை என்றாலும் அதை எந்த டிரேடரும் ஒப்புக்கொள்ள மாட்டார். அந்தத் தரை எவ்வளவு என்பது என் கைப்பழக்கம், தேற்றம் அல்ல. உங்கள் புத்தகத்தில் என்ன ஆப்ஷன் இருக்கிறது என்பதைப் பொறுத்து மாறும். ஃபார்வர்டு ஸ்டார்ட், கிளிக்கெட் வகை இருந்தால் கேலண்டரில் கண்டிப்பு அதிகம் வேண்டும், டிஜிட்டல், பேரியர் இருந்தால் பட்டர்ஃபிளையில்.

இன்னும் இரண்டு எல்லைகள். மேலே சொன்ன எல்லாம் ஐரோப்பிய ஆப்ஷனுக்கு. நிஃப்டி ஐரோப்பிய வகை, அதனால் நேரடியாகப் பொருந்தும். என்எஸ்இயின் தனிப்பங்கு ஆப்ஷன்களும் 2011-இலிருந்து ஐரோப்பிய வகைக்கு மாறிவிட்டன. ஆனால் அமெரிக்கச் சந்தையின் தனிப்பங்கு ஆப்ஷன்களுக்கு இதே சோதனையைப் போடாதீர்கள். அவை எப்போது வேண்டுமானாலும் எக்சர்சைஸ் செய்யக்கூடியவை, முன்கூட்டி எக்சர்சைஸ் செய்யும் மதிப்பைக் கழித்த பிறகே இந்தச் சோதனைகளுக்குப் பொருள் உண்டு. இரண்டாவது, தனிப்பங்கில் பெரிய ரொக்க டிவிடெண்ட் இரண்டு எக்ஸ்பைரிகளுக்கு நடுவே விழுந்தால் ஒரே k என்ற ஒப்பீடு துல்லியமாக நிற்காது. டிவிடெண்டை விலையின் விகிதமாக எடுக்கும்போதுதான் அந்த விதி சுத்தமாகப் பொருந்தும். இன்டெக்ஸில் ஐம்பது பங்குகளின் டிவிடெண்ட் நாட்கள் பரவிக் கிடப்பதால் இந்தத் தொல்லை சிறியது.

எல்லாச் சோதனையும் பாஸ் ஆன ஃபைலும் தவறான ஃபைலாக இருக்கலாம். எல்லா எக்ஸ்பைரிக்கும் எல்லா ஸ்ட்ரைக்குக்கும் 15% என்று நிரப்பி அனுப்பினால் அதில் ஒரு ஆர்பிட்ராஜும் இருக்காது. அதனால் கடைசியாக, பொருத்திய வளைவிலிருந்து விலை எடுத்து, அன்றைய பிட்-ஆஸ்க்குக்கு வெளியே எத்தனை ஸ்ட்ரைக் விழுகிறது என்று எண்ணிப் பார்க்கிறேன். ஆர்பிட்ராஜைச் சுத்தம் செய்யப் போய்ப் புட் பக்கம் முழுவதும் ஆஸ்க்குக்கு மேலே போய்விட்டால், சர்ஃபேஸ் சுத்தமாகத்தான் இருக்கும், ஆனால் அது அன்றைய நிஃப்டியினுடையது அல்ல.